29 செலவு, ஒரு தாள்: வட்ட வரைபை விட்டு ட்ரீமேப்புக்குப் போன கதை

போன கிழமைதான் இந்த வேலை சரிவந்தது. எங்கள் வீட்டுச் செலவு முழுவதும் பெட்டி பெட்டியாக, ட்ரீமேப் என்ற செவ்வகப் படமாக, ஒரு ஏ4 தாளில் சமையலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அம்மா கண்ணாடி போடாமலே அதில் தன்னுடைய மருந்துப் பெட்டியைக் காட்டுகிறார். இந்த இடத்துக்கு வர மூன்று சனி, ஞாயிறுகள் போயின. எங்கே பிழைத்தது, எதை மாற்றினேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

கோண்டாவிலில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, உயர்தரம் படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன், அம்மா. மனைவி ஒரு சி.ஆர். கொப்பியில் தினமும் செலவு எழுதுவார். பாண் வாங்கினாலும் எழுதுவார். ஆறு மாதக் கணக்கை நான் கூட்டி ஆறால் பிரித்தேன். கலியாணவீட்டுக் காசு, மோட்டார் சைக்கிள் ரயர் போல எப்போதாவது வருவனவும் அந்தச் சராசரிக்குள் வந்துவிட்டன. 50 ரூபா, 70 ரூபா என்று நின்றவற்றைக் கிட்டிய 500 ரூபாவுக்கு வெட்டிவிட்டேன். மொத்தம் மாதம் 180,000 ரூபா. விடயங்கள் 29. அவை ஏழு குழுவாக நின்றன:

சாப்பாடு 68,000
பிள்ளைகளின் படிப்பு 34,000
வீடு 22,000
போக்குவரத்து 18,000
ஊர், கோயில், உடுப்பு 16,000
வைத்தியம் 14,000
சீட்டும் காப்புறுதியும் 8,000

முதலில் கை போனது வட்ட வரைபுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் கோணமானி வைத்துக் கீறிய பழக்கம். 180,000 ரூபாவை 360 பாகைக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்குச் சரியாக 500 ரூபா வருகிறது. கணக்கு இவ்வளவு வசதியாக வந்ததால் இதுதான் வழி என்று நம்பிவிட்டேன். மடிக்கணினியில் இருந்த பழைய எக்செலில் 29 வரியையும் தெரிவுசெய்து வட்டம் போட்டு, கடையில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மேசையில் வைத்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இந்த நீலம் காஸா, கரண்டா?" பக்கத்தில் இருந்த நிறப் பட்டியலில் நாலு நீலம் இருந்தது. எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. சரி, பெயரைத் துண்டுக்குள்ளேயே எழுதிவிடலாம் என்று பார்த்தால் இடம் இல்லை. சோப், தும்புத்தடி எல்லாம் சேர்ந்து மாதம் 2,000 ரூபா, அதாவது 4 பாகை. நான் எடுத்த வட்டத்தின் ஆரை 8 சென்ரிமீற்றர். அந்தத் துண்டு அதன் அகலமான வெளி விளிம்பிலேயே அரை சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உள்ளே போகப் போக ஊசி முனை. அதற்குள் என்ன எழுதுவது?

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. எங்கள் கணக்கில் 6,500 ரூபா மூன்று இடத்தில் வருகிறது. கரண்ட் பில், மகனின் ரியூசன், கலியாணவீடு சாமத்தியவீட்டு அன்பளிப்பு. மூன்றுக்கும் அதே 13 பாகை. ஒன்று வட்டத்தின் கீழே, ஒன்று வலப்பக்கம், ஒன்று இடது மேல். மூன்றும் சமம் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மனைவி அன்பளிப்புத்தான் பெரிது என்றார். சாய்ந்து கிடக்கும் இரண்டு கோணங்களைக் கண்ணால் ஒப்பிடுவது கஷ்டம். பக்கத்துப் பக்கத்தில் இல்லாவிட்டால் இன்னும் கஷ்டம்.

அப்புறம் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். 4,500 ரூபாவுக்குக் குறைந்த பதினொரு விடயத்தையும் சேர்த்து "மற்றவை" என்று ஒரே துண்டாக்கினேன். பார்க்க வட்டம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மற்றவை 34,000 ரூபா, 68 பாகை. மீன் இறைச்சிக்கு நாங்கள் கொடுப்பது 16,000. ஆக எங்கள் வீட்டிலேயே பெரிய செலவு "மற்றவை" என்று தாள் சொன்னது. காஸும் கோயில் அர்ச்சனையும் டொக்டரின் கட்டணமும் செத்தவீட்டுக் காசும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் ஒரு துண்டைப் பார்த்து யார் என்ன முடிவு எடுப்பது? எதைப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவும் செய்தேனோ, அதைத்தான் மூடிவிட்டேன்.

உள்ளே ஒரு வளையம் குழுவுக்கு, வெளியே ஒரு வளையம் விடயத்துக்கு என்று இரட்டை வளையமும் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுப் பக்கம் நன்றாக வந்தது. வைத்தியமும் சீட்டும் உள்ள பக்கத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அதை அத்துடன் விட்டேன்.

ட்ரீமேப் பற்றி எனக்கு முன்பே தெரியும். கணினியில் எந்தக் கோப்பு இடத்தைத் தின்கிறது என்று காட்டும் மென்பொருள்களில் பெட்டி பெட்டியாக வருவது அதுதான். அது பிறந்ததும் அப்படி ஒரு தேவையில்தான். 1990 அளவில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன், 14 பேர் பங்குபோட்டுப் பாவித்த 80 மெகாபைட் வட்டு நிறைந்து நிறைந்து போவதைப் பார்த்து, யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரே திரையில் காட்ட இந்த முறையை யோசித்தார். செவ்வகத்துக்குள் செவ்வகம், ஒவ்வொன்றின் பரப்பும் அதன் தொகை. பெரிய பெட்டி ஒரு குழு, அதற்குள் இருக்கும் சின்னப் பெட்டிகள் அந்தக் குழுவின் விடயங்கள். எங்கள் கணக்கும் குழுவும் உட்பிரிவுமாகத்தானே இருக்கிறது.

கணினியைத் திறக்காமல் கிராப் தாளில் கையால் கீறிப் பார்ப்போம் என்று இருந்தேன். இந்த முழு வேலையிலும் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான். ஒரு சதுர சென்ரிமீற்றர் 1,000 ரூபா என்று வைத்தால் 180 சதுர சென்ரிமீற்றர் வேண்டும். 18 அகலம், 10 உயரம். ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் தாராளமாக அடங்கும். கிராப் கொப்பியும் நிறப் பென்சில் பெட்டியும் மகனுடையவை. எனக்குச் செலவு ஒரு அழிறப்பர்தான்.

முதல் தரம் பிழைத்தது. ஏழு குழுவையும் ஏழு நிரலாக, மேலிருந்து கீழ் முழு உயரத்துக்கும் வெட்டினேன். சாப்பாடு 6.8 அகலம், படிப்பு 3.4, வீடு 2.2 என்று போய்க் கடைசியில் சீட்டு, காப்புறுதி நிரல் 0.8 சென்ரிமீற்றர் ஆனது. அதற்குள் "காப்புறுதி" என்று எழுத வேண்டும் என்றால் தாளைத் திருப்பித்தான் எழுத வேண்டும். இன்னொரு கோளாறும் இருந்தது. பாண், பேக்கரிச் சாமான் 4,500 ரூபா. வீட்டுத் திருத்த வேலையும் 4,500. இந்த வெட்டில் பாண் 6.8க்கு 0.66 என்று ஒரு நாடா மாதிரிக் கிடந்தது. திருத்த வேலை 2.2க்கு 2.05, கிட்டத்தட்டச் சதுரம். பரப்பு ஒன்றுதான். ஆனால் நாடாவையும் சதுரத்தையும் பார்த்து இரண்டும் சமம் என்று எந்தக் கண்ணும் சொல்லாது. வட்டத்தில் பட்ட கஷ்டம் வேறு வடிவில் திரும்பி வந்திருந்தது.

இதற்கு மருந்து, பெட்டிகளை முடிந்தவரை சதுரத்துக்குக் கிட்டவாக வைப்பது. அதற்கான ஒழுங்கை 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எழுதிவைத்தார்கள். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான். கையால் செய்யவும் கஷ்டம் இல்லை. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தின் குட்டையான பக்கத்தை ஒட்டிப் பெட்டிகளை அடுக்க வேண்டும். அடுத்த பெட்டியையும் அதே அடுக்கில் சேர்த்தால் பெட்டிகள் சதுரத்துக்குக் கிட்ட வருகின்றனவா, நீள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிட்ட வந்தால் சேர்க்கலாம். நீண்டால் அந்த அடுக்கை மூடிவிட்டு மிச்ச இடத்தில் புது அடுக்கு தொடங்க வேண்டும்.

எங்கள் கணக்கில் இது எப்படிப் போனது என்று சொல்கிறேன். தாள் 18க்கு 10, குட்டைப் பக்கம் 10. சாப்பாடு தனியாக நின்றால் 6.8க்கு 10. அதன்கீழ் படிப்பையும் சேர்த்தால் படிப்பு 10.2க்கு 3.33 என்று நீண்டுவிடும். ஆகவே சாப்பாட்டோடு அந்த அடுக்கு முடிந்தது. மிச்சம் 11.2க்கு 10. படிப்பு தனியாக நின்றால் 3.4க்கு 10, மெலிந்த தூண். வீட்டையும் சேர்த்தால் இரண்டும் 5.6 அகலம், படிப்பு 6.07 உயரம், வீடு 3.93 உயரம். நல்ல வடிவம். போக்குவரத்தையும் அதற்குள் தள்ளிப் பார்த்தால் மூன்றும் தட்டையாகின்றன, ஆகவே வேண்டாம். இனி மிச்சம் 5.6க்கு 10. இப்போது குட்டைப் பக்கம் அகலம்தான், ஆகவே மேலிருந்து கீழாக அடுக்கினேன். போக்குவரத்து 5.6க்கு 3.21, அதன்கீழ் ஊர், கோயில் 5.6க்கு 2.86. கடைசியில் எஞ்சிய மூலையில் வைத்தியம் 3.56க்கு 3.93, சீட்டும் காப்புறுதியும் 2.04க்கு 3.93.

ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். சாப்பாட்டுக்குள் மேல் வரிசையில் மீன், இறைச்சி 3.75க்கு 4.26, பக்கத்தில் அரிசி, மா 3.05க்கு 4.26. இப்படியே போய், 29இல் மிகச் சிறிய 1,500 ரூபா, பல்லும் கண்ணும் பார்க்கும் செலவு, கிட்டத்தட்ட 1க்கு 1.5 சென்ரிமீற்றர் பெட்டியாக வந்தது. அதற்குள் "பல், கண்" என்றும் கீழே 1,500 என்றும் கூரான பென்சிலால் எழுத முடிந்தது. வட்டத்தில் இதற்குக் கிடைத்தது 3 பாகை. முழுவதும் கீறி முடிக்க இரண்டரை மணித்தியாலம் போனது. அதில் பாதி உட்பிரிவுகளைக் கல்குலேற்றரில் பிரித்த நேரம். மில்லிமீற்றருக்குக் கீழே வருவதை விட்டுவிட்டேன்.

நிறம் பூசும்போது மகள் ஒரு நல்ல யோசனை சொன்னாள். விடயத்துக்கு ஒரு நிறம் வேண்டாம், குழுவுக்கு ஒரு நிறம் போதும். 29 நிறத்துக்குப் பதில் ஏழு. நிறப் பட்டியலே தேவையில்லாமல் போனது, பெயர்தான் பெட்டிக்குள் இருக்கிறதே. குழுக்களுக்கு இடையில் தடித்த கோடு, உள்ளே மெல்லிய கோடு.

மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெற்றோல் அரிசிக்குக் கிட்ட வந்திட்டுது என்ன!" பெற்றோல் 11,000, அரிசி, மா 13,000. கொப்பியில் இரண்டும் வேறு வேறு பக்கம், வட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம். இங்கேயும் பெட்டிகள் ஒட்டி இல்லை, ஆனாலும் பருமன் கண்ணில் பட்டுவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. ரியூசன்தான் எங்களைத் தின்கிறது என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். படிப்புக் குழு முழுவதும் சேர்ந்தாலும் சாப்பாட்டில் பாதி என்பது ஒரே பார்வையில் விளங்கியது. இதைச் சொல்ல நான் வாய் திறக்கத் தேவைப்படவில்லை.

ஆனாலும் பரப்பு என்பது கண்ணை ஏமாற்றக்கூடியது. அந்த மூன்று 6,500 ரூபாவை இதிலும் சோதித்தேன். கரண்ட் 2.93க்கு 2.22, மகனின் ரியூசன் 1.78க்கு 3.66. எண்ணைக் கையால் மூடிக்கொண்டு எது பெரிது என்று கேட்டால் மனைவியும் மகனும் ரியூசன் என்றார்கள். நெடிய பெட்டி பெரிதாகத் தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் தொகையை எழுதுவது கட்டாயம் என்று வைத்துக்கொண்டேன். எண்ணை எழுத இடம் இருப்பதுதான் இங்கே பெரிய இலாபம். வட்டத்தில் அந்த இடமே கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இதைக் கணினியில் செய்யப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் கையால் கீற முடியாது. எக்செல் 2016இலிருந்து ட்ரீமேப் இருக்கிறது, என்னிடம் இருப்பது அதற்கு முந்தியது. பைதன் நிரல்மொழி தெரியும் என்பதால் முதலில் அதன் squarify, matplotlib நூலகங்கள் இரண்டையும் வைத்து முயன்றேன். பெட்டிகள் உடனே வந்தன, தமிழ் எழுத்து வரவில்லை, வெறும் கட்டங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தேன். இப்போது எழுத்து வந்தது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. "பெற்றோல்" என்பதில் கொம்பு பகரத்துக்கு வலப்பக்கம். எழுத்துரு பிழை என்று நினைத்து மூன்று எழுத்துரு மாற்றிப் பார்த்ததில் ஒரு மாலை போய்விட்டது. கோளாறு எழுத்துருவில் இல்லை. நான் வைத்திருந்த matplotlib பதிப்பு எழுத்துகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைக்கிறது, தமிழுக்குத் தேவையான சேர்க்கையைச் செய்வதில்லை. உலாவியில் வரையும் plotlyக்கு மாறியதும் தமிழ் ஒழுங்காக வந்தது, ஏனென்றால் எழுத்தைச் சேர்க்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்கிறது.

```python
import pandas as pd
import plotly.express as px

df = pd.read_csv("selavu.csv")  # kuzhu, vidayam, rs
fig = px.treemap(df, path=["kuzhu", "vidayam"],
                 values="rs", color="kuzhu")
fig.update_traces(textinfo="label+value")
fig.write_html("selavu.html")
```

திரையில் பார்க்க இது போதும். தாளில் எடுத்து அடிமட்டம் வைத்தபோதுதான் இன்னொரு சங்கதி பிடிபட்டது. குழுவின் பெயரை எழுத மென்பொருள் ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு பட்டை விடுகிறது. 18க்கு 10 அளவில் எடுத்தால் அது அரை சென்ரிமீற்றர் அளவு. 10 சென்ரிமீற்றர் உயரமான சாப்பாட்டுப் பெட்டிக்கு அரை சென்ரிமீற்றர் என்பது 5 சதவீதம். 4 சென்ரிமீற்றர் உயரம்கூட இல்லாத வீட்டுப் பெட்டிக்கோ அது 13 சதவீதம் அளவு. ஆகவே அதே 4,500 ரூபா, பாண் பெட்டியில் ஏறக்குறைய 4.3 சதுர சென்ரிமீற்றர், திருத்த வேலைப் பெட்டியில் ஏறக்குறைய 3.9. குழுவுக்குள் ஒப்பிட்டால் பிரச்சினை இல்லை, குழு விட்டுக் குழு ஒப்பிட்டால் சின்னக் குழுவின் பெட்டிகள் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். பட்டையை எடுத்துவிட, write_html வரிக்கு முன்னால் இந்த வரி:

```python
fig.update_traces(marker_pad=dict(t=0, l=0, r=0, b=0))
```

இப்படிச் செய்தால் குழுப் பெயர்கள் போய்விடும். பிரிண்ட் எடுத்தபின் கறுப்புப் பேனாவால் அவற்றை எழுதினேன். திரைக்குப் பட்டையோடு ஒன்று, தாளுக்குப் பட்டை இல்லாமல் ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறேன்.

ஒரு இடத்தில் ட்ரீமேப் எனக்கு உதவவில்லை. போன மாதத்தையும் இந்த மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அம்மாவுக்கு ஒரு மாதம் இரத்தப் பரிசோதனைகள் கூடியதால் வைத்தியம் ஊர், கோயிலைத் தாண்டியது. உடனே அந்த இரண்டு பெட்டியும் இடம் மாறிவிட்டன. பருமன் எவ்வளவு கூடியது என்று பார்ப்பதற்குப் பதில் பெட்டி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. மாத ஒப்பீட்டுக்குச் சலாகை வரைபைத்தான் பாவிக்கிறேன், அதுவும் ஏழு குழுவுக்கு மட்டும். ஏழு சலாகை ஒரு தாளில் நன்றாக நிற்கும். உட்பிரிவு இல்லாமல் ஏழே விடயம் உள்ள கணக்கு என்றால் ட்ரீமேப்பே வேண்டாம், சலாகைதான் திருத்தமாகக் காட்டும். அதேபோலக் கடையில் திருப்பிக் கொடுத்து வாங்கிய காசைக் கழித்தல் அடையாளத்தோடு எழுதியிருந்தேன். கழித்தலுக்குப் பரப்பு கிடையாது. அதை அந்த விடயத்திலேயே கழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஆறு மாதம் போதாது, பன்னிரண்டு மாதம் எடுப்பேன். எங்கள் கணக்கு நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தொடவில்லை, ஆகவே ஊர், கோயில் பெட்டி உண்மையைவிடச் சிறிது. தொடங்கும்போதே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எவ்வளவு ரூபா என்று முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற நீள அகலத்தை எடுப்பேன். இந்த முறை மொத்தம் 180,000 என்று வந்ததால் தப்பினேன்.

கதவில் ஒட்டிய அன்று அம்மா எல்லாப் பெட்டியையும் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எங்கட வளவு முருங்கையும் மாங்காயும் இதில எங்க கிடக்கு?" காசு கொடுக்காததால் அவற்றுக்குப் பெட்டி இல்லை என்றேன். "அப்ப மரக்கறி 12,500 எண்டுறது முழு மரக்கறி இல்லையே" என்றார். அவர் சொல்வது சரி. மரக்கறிப் பெட்டியில் "வாங்கினது மட்டும்" என்று அன்றே எழுதிச் சேர்த்தேன். வளவில் பிடுங்குவதை நிறுத்துக் கொப்பியில் எழுத மனைவி சம்மதித்திருக்கிறார். திருநெல்வேலிச் சந்தை விலையில் அதற்கு ஒரு கோட்டுப் பெட்டி, நிறம் பூசாமல், அடுத்த தாளில் வரும்.